பாஸ்புக்கில் தொகை தவறாக ஏறியிருந்தால் மேலாளருக்கு எழுதுவது எப்படி?



மனு எழுதித் தரும்படி நம் அறக்கட்டளைக்கு வருவோரில் பலர், இப்போது பாஸ்புக்கைக் கையில் கொண்டு வருவதில்லை. செல்போனில் எடுத்த படத்தைத்தான் காட்டுகிறார்கள். அப்படி வந்த ஒரு மனுவை இங்கே விவரிக்கிறோம். இன்னார் என்று தெரியாமலிருக்கத் தொகையையும் தேதியையும் மாற்றியிருக்கிறோம்.

விக்கிரவாண்டியைச் சேர்ந்த ஒரு சகோதரி, தையல் வேலையில் சேர்த்த 9,500 ரூபாயை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியில் கட்டினார். நான்கு நாள் கழித்துப் பாஸ்புக்கைப் பதிந்தபோது வரவில் 950 ரூபாய்தான் இருந்தது. திண்டிவனத்தில் வேலை செய்யும் அவருடைய மகன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பி, "அம்மா பயந்துபோய் இருக்காங்க, மனு எழுதிக் கொடுங்க" என்றார்.

பேனாவை எடுக்கும் முன் ஒன்றைப் பார்த்தோம். தவறு அச்சில் மட்டும் இருக்கிறதா, கணக்கிலேயே இருக்கிறதா? இதைப் பாஸ்புக்கின் கடைசிக் கட்டமான இருப்பு சொல்லிவிடும். மேல் வரியின் இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால், அடுத்த வரியின் இருப்பு வர வேண்டும். இவருடைய பக்கத்தில் முந்தைய இருப்பு 4,352. அதோடு 950 கூட்டினால் 5,302. அடுத்த கட்டத்திலும் 5,302 என்றே இருந்தது. அதற்குக் கீழே எஸ்.எம்.எஸ். கட்டணம் 17.70 கழிந்து 5,284.30. ஆக, கணினியிலேயே 950 என்று ஏறியிருக்கிறது. இருப்பு 13,852 என்று சரியாக இருந்து, வரவுக் கட்டம் மட்டும் மங்கியோ விடுபட்டோ இருந்திருந்தால் அது வெறும் அச்சுக் கோளாறு. அதற்கு மனு வேண்டாம், மறுபடி அச்சடித்துத் தரச் சொன்னால் போதும்.

இந்தக் கூட்டல் இன்னொரு வகையிலும் உதவுகிறது. படத்தில் 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும் படித்துவிடுவது சகஜம். தொகையைத் தவறாகப் படித்திருந்தால் கூட்டல் ஒத்து வராது, உடனே தெரிந்துவிடும். ஆனால் தேதியையும் கணக்கு எண்ணையும் அப்படிச் சரிபார்க்க வழியில்லை. எங்களுக்கு வந்த படத்தில் பக்கம் மடங்கியிருந்தது. 14-ஆம் தேதியை 11 என்று எழுதிவிட்டோம். செலானின் அடிச்சீட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. தவறான தேதியோடு மனு போயிருந்தால், "அன்று உங்கள் கணக்கில் எதுவும் கட்டப்படவில்லை" என்று பதில் வந்திருக்கும். எனவே படத்தை வைத்து எழுதினாலும், அசலோடு ஒப்பிடாமல் கையெழுத்துப் போட வேண்டாம். பக்கத்தை மடிப்பில்லாமல் விரித்து, நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள். பெயரும் கணக்கு எண்ணும் உள்ள அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்.

இந்தச் சகோதரிக்குப் பெரிய பலம், அவர் பத்திரமாக வைத்திருந்த அடிச்சீட்டு. வங்கி முத்திரையும் கையெழுத்தும் 9,500 என்ற தொகையும் அதில் இருந்தன. அடிச்சீட்டு தொலைந்துபோனாலும் வழி அடைபடுவதில்லை. நாம் நிரப்பிக் கொடுத்த செலானின் பெரிய பகுதி வங்கியில் இருக்கிறது. எத்தனை ஐநூறு, எத்தனை நூறு என்று அதில் நாமே எழுதியிருப்போம். மேலும், காசாளர் 9,500 வாங்கி 950 என்று ஏற்றியிருந்தால், அன்று மாலை பெட்டியில் 8,550 ரூபாய் மிகுந்திருக்க வேண்டும். அப்படி மிகும் பணத்தை வங்கிகள் தனிக் கணக்கில் வைப்பது வழக்கம். ஆகவே, "என் பணத்தைக் காணோம்" என்று மட்டும் எழுதாமல், எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் மனுவில் சேர்க்க வேண்டும். நாங்கள் எழுதிய மனு இது:

அனுப்புநர்: (பெயர், முகவரி, செல்போன் எண்)
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)
பொருள்: சேமிப்புக் கணக்கு எண் (...) – 14.06.2024 அன்று கட்டிய தொகை குறைவாகப் பதிவானதைத் திருத்தக் கோருதல்.

ஐயா,
நான் 14.06.2024 அன்று தங்கள் கிளையில் மேற்கண்ட கணக்கில் ரூ.9,500 (ஒன்பதாயிரத்து ஐந்நூறு) ரொக்கமாகக் கட்டினேன். முத்திரையிட்ட அடிச்சீட்டு என்னிடம் உள்ளது. பாஸ்புக்கில் அதே தேதியில் ரூ.950 மட்டுமே வரவாகியுள்ளது. குறையும் தொகை ரூ.8,550.
அன்றைய செலானையும், காசாளரின் ரொக்கக் கணக்கையும், மிகுதி ரொக்கம் இருந்ததா என்பதையும் சரிபார்த்து, குறைந்த தொகையை 14.06.2024 தேதியிட்டு வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இத்தவறினால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கட்டணம் பிடிக்கப்பட்டால் அதையும் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். அன்றைய கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கவும் கோருகிறேன்.
இணைப்பு: அடிச்சீட்டு நகல், பாஸ்புக் பக்கத்தின் நகல்.
(நாள், கையெழுத்து)

மனுவில் யாரையும் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பூஜ்யம் விடுபட்டது கைப்பிழையாக இருக்கலாம். தொகை, தேதி, ஆதாரம், கோரிக்கை ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் போதும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடிச்சீட்டின் அசலைக் கொடுத்துவிட வேண்டாம், நகல் போதும். கேமரா பதிவுகள் சில காலமே இருக்கும் என்பதால் தாமதிக்கவும் கூடாது. திருத்தம் நடந்தால் பழைய வரி அழியாது. 8,550 ரூபாய் புதிய வரியாக, வேறொரு தேதியில் வரவாகும். இந்தச் சகோதரிக்கு ஆறாம் நாள் அப்படி வந்தது. இருப்பு 13,834.30 ஆனது. "பழைய 950 அப்படியே இருக்கே" என்று அவர் கேட்டார். அது அப்படித்தான் இருக்கும். இருப்பு சரியா என்று மட்டும் பாருங்கள்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. அப்போது முதலில் கேட்கப்படுவது, நீங்கள் வங்கிக்கு எழுதியதற்கான ஆதாரம். முத்திரையிட்ட அந்தப் பிரதி இதற்காகத்தான்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் எடுக்காத பணம் ஏ.டி.எம். மூலமோ யு.பி.ஐ. மூலமோ போயிருந்தால், மனு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே வங்கியின் உதவி எண்ணிலும், 1930-லும் சொல்லிவிட்டு, பிறகு எழுதுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இதே தவறு மறுபக்கமும் நடக்கும். 950 கட்டி 9,500 வரவானால், அந்த மிகுதி நம் பணமல்ல. அதைச் செலவழித்தால் வங்கி திரும்பக் கேட்கும், வழக்குக்கும் இடமுண்டு. அது யாரோ ஒருவரின் அமானிதம். அதற்கும் இதே போன்ற மனுதான், தொகையையும் கோரிக்கையையும் மாற்றி எழுத வேண்டும்.

மனு எழுத உதவி தேவைப்படுவோர் பாஸ்புக், அடிச்சீட்டு இரண்டின் அசலையும் எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம். வஸ்ஸலாம்.