ரவை மீனில் மீன் பாதிதான்

மங்களூரு மீன் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, 'மசாலா ஃப்ரையா, ரவா ஃப்ரையா?' என்பதுதான். அங்கே அஞ்சல் என்பது நம்மூர் வஞ்சிரம். பங்குடே என்பது அயிலை. காணே என்பது கிழங்கான். மூன்றையும் ரவையில் புரட்டித் தவாவில் போடுவார்கள். வடக்கே கார்வார், கோவா, மால்வண் வரைக்கும் கொங்கணக் கரை முழுக்க இதே பழக்கம்தான். நாம் அரிசி மாவு தூவும் இடத்தில் அவர்கள் ரவை சேர்க்கிறார்கள்.

சாப்பாட்டைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் பலர் இந்த ஒரு துண்டில்தான் தடுமாறுகிறார்கள். 'மீன்தானே' என்று மீனை மட்டும் எழுதுகிறார்கள், அல்லது தவாவில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தப்பு.

வீட்டில் செய்யும் ஒரு வேளைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு வஞ்சிரத் துண்டுகள், கழுவித் துடைத்து 200 கிராம். நடுமுள் போக, தின்னும் சதை 180 கிராம் என்று வையுங்கள். 100 கிராம் பச்சை மீனுக்குச் சுமார் 130 கலோரி. ஆக மீன் 230-ஐ ஒட்டி வரும். வறுத்த பிறகு நிறுத்துக் கணக்கிடக் கூடாது. தண்ணீர் போய் மீன் எடை குறைந்திருக்கும், ரவையும் எண்ணெயும் ஏறியிருக்கும். அந்த எடையை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல் எல்லாம் சேர்ந்து 20 கலோரிதான். ஆனால் மசாலா எப்படி இருக்கிறது என்பதுதான் ரவையின் அளவைத் தீர்மானிக்கிறது. விழுது கெட்டியாக, மீனில் மெல்லிய பூச்சாக நின்றால் ரவை ஒரு அடுக்காக ஒட்டும். தண்ணீராக ஓடினால் ரவை ஊறிக் கட்டியாகி, எண்ணெயில் விழுந்ததும் பெயர்ந்துவிடும். தட்டில் 50 கிராம் ரவை கொட்டி, புரட்டி முடித்து மீதியை நிறுத்துப் பாருங்கள். 30 கிராம் மிஞ்சினால் ஒட்டியது 20. அது 70 கலோரி.

எண்ணெய்க்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூன்று மேசைக்கரண்டி என்பது ஏறக்குறைய 41 கிராம். தவாவை எண்ணெயோடு நிறுத்துவிட்டு, வறுத்தெடுத்து ஆறியதும் மறுபடி நிறுத்தால் 13 கிராம் குறைந்திருக்கிறது என்று வைப்போம். உதிர்ந்த ரவை இரண்டு கிராம் தவாவிலேயே கிடக்கிறதே, அதையும் சேர்த்தால் குறைந்த எண்ணெய் 15 கிராம். கிராமுக்கு 9 கலோரி; ஆக 135. தேங்காய் எண்ணெய் என்றாலும் கடலை எண்ணெய் என்றாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கூட்டினால் 455. அதில் மீன் பாதிதான். மறுபாதி மேலே இருக்கும் மொறுமொறுப்பு. மீனை மட்டும் எழுதியவர் 230-இல் நின்றிருப்பார். ஊற்றிய எண்ணெயெல்லாம் எழுதியவர் 690-க்குப் போயிருப்பார்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்று தெரிந்தால் குறைக்கும் வழியும் தெரியும். வேகும்போது மீனிலிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. தவாவை விட்டு எடுத்ததும் ஆவி அடங்குகிறது. அப்போதுதான் மேலே ஒட்டியிருந்த எண்ணெயை ரவை உறிஞ்சுகிறது. அதனால் சூடு தணிவதற்குள் துண்டைக் கம்பி வலையில் சாய்த்து நிறுத்தி வடியவிட வேண்டும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எண்ணெயும் வடியாது, ஆவியில் ரவையும் நமுத்துப்போகும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை ரவை போடுங்கள். உடனே சடசடத்தால் சரி. அடியில் சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை; அதில் மீனைப் போட்டால் மேல்தோல் இறுகாமல் வெகுநேரம் எண்ணெயில் கிடக்கும். அடுத்த ஈடு போடுமுன் உதிர்ந்த ரவையை அரித்தெடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கருகிப் புது மீனில் கறுப்புப் புள்ளியாக ஒட்டிக் கசக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் வெட்டுக்கத்தியில் இருக்கிறது. அதே 200 கிராமை இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரே துண்டாக வாங்கினால், ரவை ஒட்ட நான்கு முகங்களுக்குப் பதில் இரண்டுதான் கிடைக்கும். விளிம்பின் பரப்பு மொத்தத்தில் மாறாது. ஆனாலும் ரவையும் எண்ணெயும் கணிசமாகக் குறைந்துவிடும். தீயைத் தணித்து நின்று வேகவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் தடித்தால் ரவை கருகும்வரை நடுமுள்ளை ஒட்டிய சதை வேகாது.

எண்ணெய்க்குப் பயந்து, எண்ணெய் தடவிய கல்லில் மட்டும் ரவை மீனைப் போடாதீர்கள். ரவை பச்சையாக வாயில் நறநறக்கும். அன்றைக்கு மசாலா வறுவலே போதும். ரவை வறுவல்தான் வேண்டுமென்றால், மீன்காரரிடம் துண்டைத் தடியாகப் போடச் சொல்லி வாங்குங்கள்.