இடி இடிச்சா ஃபைபர் பாக்ஸ் ஏன் போகுது?

ஆரணியில என் கிளையன்ட் ஒருத்தர், பட்டுச்சேலை வியாபாரி. கோடை மழையில இடி இடிச்ச மறுநாள், அவரோட ஃபைபர் பாக்ஸ்ல PON விளக்கு பச்சையா எரிஞ்சுது. LAN விளக்கு மட்டும் எரியல. வேற கேபிள், வேற லேப்டாப் போட்டும் அதே கதை. அப்படின்னா லைன் நல்லாத்தான் இருக்கு, போர்ட்தான் போச்சு.

"சர்ஜ் புரொட்டக்டர் போட்டிருந்தேனே சார்?" என்றார். அது கரண்ட் வழியை மட்டும்தான் காக்கும். இவர் வீட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு மொட்டைமாடி மேல LAN கேபிள் இழுத்திருந்தார். பக்கத்தில் எங்கேயாவது மின்னல் விழுந்தாலே போதும், நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறி நேரா போர்ட்டைத் தாக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது.

அதனால வெளியே போகும் தூரத்துக்கு, உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் போட்டு, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்க. வானம் கறுக்கும்போதே அடாப்டர், LAN கேபிள் இரண்டையும் கழற்றிடுங்க. இடி ஆரம்பிச்ச பிறகு தொடாதீங்க.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் மின்னல் சேதத்துக்கு கவர் உண்டு. ஆனா ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தத்தால் கருகிய அந்தக் கருவிக்கு, காரணம் மின்னலே ஆனாலும், விலக்கு இருக்கு. உங்க பாலிசியில் அந்தப் பக்கத்தை இன்னிக்கே படிச்சுப் பாருங்க.