ஆறாம் தடத்தில் ஒரு கோடு
(ஆய்வுகூட மேசையிலிருந்து: பகுதி 9)

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில்தான் அந்த அறிக்கையை முதலில் பார்த்தேன். கொண்டுவந்தவள் தோட்டத்துப் பிள்ளை. பிறப்புரிமையியல் பாடத்துக்கான செய்முறை அறிக்கை அது. தவறணையில் வளரும் தேயிலை நாற்றுகள் உண்மையில் தாய்ச்செடியின் கிளையிலிருந்து வெட்டியவைதானா என்று பீசிஆர் செய்து பார்த்திருந்தாள். (யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்துத் தவறணையில் கள் கிடைக்காது, நாற்று மட்டும்தான்.)

மூன்றாம் பக்கத்தில் ஒரு ஜெல் படம். அதன் கீழே இரண்டு வரி: “படம் 3. பீசிஆர் பெறுபேறு. நாற்றுகள் யாவும் தாய்ச்செடியை ஒத்தவை என நிரூபிக்கப்பட்டது.”

“எந்தத் தடம் தாய்ச்செடி?” என்று கேட்டேன்.

“ரெண்டாவது, சேர்.”

“அது உங்களுக்குத் தெரியும் தங்கச்சி. படத்தைப் பார்க்கிற எனக்கு?”

கொப்பியை எடுத்தாள். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றாம் குழியில் 100 பேஸ் சோடி லேடர், இரண்டில் தாய்ச்செடி, மூன்றிலிருந்து ஏழுவரை ஐந்து நாற்றுகள், எட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வர்க்கம், ஒன்பதில் டீஎன்ஏ சேர்க்காத வெறும் நீர். கொப்பியில் இருந்த இந்த வரிசை அறிக்கைக்கு வந்து சேரவில்லை. படக்குறிப்பு எழுதுகிறவர்களில் பாதிப்பேர் தவறுவது இங்கேதான். ஜெல் ஓட்டியவருக்குத் தடங்களின் வரிசை மனப்பாடம். அதனால் அது எழுத வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றுவதில்லை.

லேடர் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது நல்லதுதான். ஜெல்லைத் தட்டில் கவிழ்த்து வைத்துப் படமெடுத்தால் இடம் வலமாகிவிடும். லேடர் வலப்பக்கம் போயிருந்தால் உடனே பிடிபடும். இரண்டு ஓரத்திலும் லேடர் போட்டிருந்தால் அந்தத் தடயமும் இருக்காது. ஆனால் அவள் படத்தை நறுக்கிய வேகத்தில் லேடரின் பாதியும் அடிப்பகுதியும் போயிருந்தன. 200, 300 என்று எந்த எண்ணும் இல்லை. நீர் போட்ட ஒன்பதாம் தடத்தின் கீழ்ப்பகுதியும் இல்லை. அங்கே பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு 50-க்கும் கீழே ஒரு மங்கல் கறையாகத் தெரிவது சாதாரணம். அதை வெட்டிவிட்டால், ‘வேறேதும் இங்கே இருந்ததோ’ என்ற சந்தேகம்தான் பார்க்கிறவருக்கு மிஞ்சும்.

பிறகுதான் ஆறாம் தடத்தைப் பார்த்தேன். மற்றத் தடங்களின் பின்னணி வெளிர் சாம்பல். இதன் பின்னணி கொஞ்சம் கறுப்பு. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே ஸ்கேல் வைத்து வெட்டினது போல நேரான விளிம்பு. ஜெல்லில் பட்டைகள் சிரிக்கும், சாயும், கலங்கும். நேர்கோடு மட்டும் போடாது.

“இது எங்கேயிருந்து வந்தது?”

அவள் மறைக்கவில்லை. முதல் ஜெல்லில் அந்த நாற்றுக்கு ஒரு பட்டைதான் வந்ததாம், கீழே உள்ளது. மேலே உள்ளது வரவில்லை. தேயிலை இலையில் பொலிபீனோல் அதிகம். டீஎன்ஏ எடுக்கும்போது அது ஒட்டிக்கொண்டு கரைசலைப் பழுப்பாக்கும், பீசிஆரையும் மந்தமாக்கும். மந்தமானால் முதலில் விடுபடுவது பெரும்பாலும் நீளமான துண்டுதான். அதனால் பீவிபி கூடுதலாகச் சேர்த்து டீஎன்ஏ எடுத்து, மறுநாள் இன்னொரு ஜெல்லில் ஓட்டினாள். இரண்டு பட்டையும் வந்தன. அந்தத் தடத்தை வெட்டிப் பழைய படத்தில் ஒட்டிவிட்டாள். “வேலை சரியா முடிஞ்சுதானே சேர்?”

வேலை சரிதான், அதுவும் நல்ல வேலை. ஆனால் படம் பொய் சொல்கிறது. ஒன்பது தடமும் ஒரே ஜெல்லில், ஒரே மின்னழுத்தத்தில், பக்கத்துப் பக்கத்தில் ஓடியதாகச் சொல்கிறது. இரண்டு நாள் ஓட்டத்தில் பட்டைகள் ஒரே உயரத்தில் நிற்பதற்கு அர்த்தமில்லை. அந்தந்த ஜெல்லின் லேடரோடுதான் ஒப்பிட முடியும். 2016-இல் ‘எம்பயோ’ இதழில் எலிசபெத் பிக் குழுவினர் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருப்பதாக எழுதினார்கள். அதற்கும் முன்பே ‘ஜர்னல் ஒப் செல் பயோலஜி’ தன் கட்டுரையாளர்களுக்கு விதி வைத்திருந்தது: வேறு ஜெல்லின் தடத்தைச் சேர்த்தால் இடையில் கோடு தெரிய வேண்டும், படக்குறிப்பிலும் சொல்ல வேண்டும். அவர்கள் போடச் சொன்னது மறைக்காத கோடு. இவள் படத்தில் இருந்தது மறைக்கப் பார்த்த கோடு.

இனி அந்த ‘நிரூபிக்கப்பட்டது’. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டீஆர்ஐ 2023, 2025, 2026 வர்க்கங்கள் எல்லாம் ஏஎஸ்எம் 4/10 என்ற ஒரே தாயின் விதையிலிருந்து வந்த சகோதரங்கள். சகோதரங்கள் ஒரு மைக்ரோசாட்டலைட் இடத்தில் ஒரே மாதிரிப் பட்டை காட்டுவது அதிசயமல்ல. போதாததற்கு, இந்த இடங்களில் பல இரண்டு எழுத்து திரும்பத் திரும்ப வருபவை. ஒரு செடிக்கும் இன்னொன்றுக்கும் இரண்டே பேஸ் சோடி வித்தியாசம் இருக்கலாம். 3 சதவீத அகரோஸ் ஜெல் அதைப் பிரித்துக் காட்டாது. ஆகவே ‘ஒரே உயரம்’ என்பது ‘இந்த ஜெல்லின் கண்ணுக்கு ஒரே உயரம்’ மட்டுமே. நாற்று வேறு என்று காட்ட ஒரு இடம் போதும். அதே செடிதான் என்று சொல்லப் பல இடங்கள் வேண்டும். அந்த வாதத்துக்கு இடம் கலந்துரையாடல் பகுதி. படத்தின் கீழே கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்.

இன்னொன்று அவளைக் குழப்பியிருந்தது. இரண்டு பட்டை உள்ள தடங்களில் அவற்றுக்கு மேலே மூன்றாவதாக ஒரு மங்கல் பட்டை. தேயிலை இருமடியம், ஒரு இடத்தில் இரண்டு வடிவத்துக்கு மேல் வரக்கூடாதே? நீளமும் குட்டையுமான இழைகள் பீசிஆர் முடிவில் தவறிச் சோடி சேர்ந்தால் நடுவில் புடைப்பு விழும். அது ஜெல்லில் தயங்கித் தயங்கி ஓடி மேலே நிற்கும். தாய்ச்செடியிலும் அது இருந்தது, ஒரே பட்டை வந்த தடத்தில் இல்லை. கலப்படம் அல்ல என்று நினைக்க இந்த இரண்டும் போதுமான காரணம். படக்குறிப்பில் ஒரு அம்புக்குறி போதும்.

இரண்டாவது ப்ளேன்டீ ஆறுவதற்குள் இப்படி எழுதினோம். ஒட்டிய தடத்தை எடுத்துவிட்டு, பழைய ஜெல் முழுதாக ‘அ’, புதியது அதன் லேடரோடு ‘ஆ’:

“படம் 3. தாய்ச்செடியினதும் ஐந்து நாற்றுகளினதும் பீசிஆர் விளைபொருள்கள், ஒரு மைக்ரோசாட்டலைட் இடத்தில். (அ) தடம் 1: 100 பேஸ் சோடி லேடர், 2: தாய்ச்செடி, 3–7: நாற்றுகள் 1–5, 8: வேறொரு வர்க்கம், 9: டீஎன்ஏ இல்லாத நீர். தடம் 2, 3, 4, 5, 7 ஆகியவற்றில் ஏறத்தாழ 210, 240 பேஸ் சோடியில் பட்டைகள் உள்ளன. தடம் 6-இல் 210 மட்டும். (ஆ) நாற்று 4, புதிதாகப் பிரித்த டீஎன்ஏயுடன், வேறு ஜெல்லில், தடம் 1: லேடர், 2: நாற்று 4, 3: நீர். அம்பு: தவறிச் சோடி சேர்ந்த இழைகளாக இருக்கக்கூடிய பட்டை. 3% அகரோஸ், கறுப்பு வெள்ளை தலைகீழாக்கப்பட்டுள்ளது.”

“படத்தை விடக் குறிப்பு நீளமாப் போச்சே சேர்” என்றாள். போகட்டும் என்றேன். பிரைமரின் பெயரை எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதவில்லை. இடம் விட்டு, கொப்பியைப் புரட்டத் தொடங்கினாள்.

(அடுத்த வாரம்: அவளுடைய அறிக்கையின் வரைபடம், அதன் தலையில் நின்ற பெயர் தெரியாத குச்சிகள்.)