லண்டனில் பத்து மணி என்றால்...

செலண்டார் வாசகர்களே, உங்கள் மகள் லண்டனில் தாதி வேலைக்கு மனுச் செய்திருக்கிறாளா? "நவம்பர் 5, காலை 10 மணிக்கு நேர்முகப் பேட்டி" என்று அக்டோபர் தொடக்கத்தில் பதில் வந்தால், உடனே 7 மணி நேரத்தைக் கூட்டி மாலை 5 என்று குறித்துவிடாதீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் அதே பத்து மணி நமக்கு மாலை 6.

"லண்டன் நேரம் காலை 10, மலேசிய நேரம் மாலை 6, சரிதானே?" என்று இரண்டையும் எழுதிக் கேட்கட்டும்.

காலை எட்டுக்கு எழுதிவிட்டு மத்தியானம் வரை பதிலில்லையே என்று தவிக்கவும் வேண்டாம். நவம்பரில் அங்கே அப்போது நள்ளிரவு. அலுவலகம் காலை 9-க்குத் திறந்தால், நமக்கு மாலை 5. சனிக்கிழமை எழுதியதற்குத் திங்கள் மாலைக்குப் பிறகே பதிலை எதிர்பார்க்கலாம்.