ஃப்ரீசருக்குள் இடமில்லை

சின்னக் கடை ஒன்று. உள்ளே நுழைந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு ஃப்ரீசர். மேலே நகர்த்தித் திறக்கும் கண்ணாடி மூடி, பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஐஸ்கிரீம் கம்பெனியின் பெயர். நம் ஊரிலும் பார்த்துப் பழகிய காட்சிதான். அந்தப் பெட்டிக்குள் யாருடைய சரக்கை வைக்கலாம் என்ற ஒரே கேள்விக்காக, அயர்லாந்தில் தொடங்கிய வழக்கு ஒன்று 1990 முதல் 2006 வரை நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது.

நல்ல பொருள், கையில் பணம், வாங்கத் தயாராக ஆட்கள். இவை மூன்றும் இருந்தும் சில சந்தைகளில் புதியவரால் ஏன் காலூன்ற முடிவதில்லை? இதைப் புரிந்துகொள்ள அந்த வழக்கைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஏனென்றால், அங்கே வெளியே நிறுத்தப்பட்ட புதியவர் கைமுதல் இல்லாத சிறு வியாபாரி அல்ல. உலகம் முழுக்கச் சாக்லேட் விற்கும் மார்ஸ் நிறுவனம்.

அயர்லாந்தின் ஐஸ்கிரீம் சந்தையில் அப்போது கோலோச்சியது எச்.பி. என்ற பிராண்ட். டப்ளினை ஒட்டிய ராத்ஃபார்னமில் பால் வியாபாரம் செய்த ஹியூஸ் சகோதரர்களின் பெயர்ச் சுருக்கம் அது. பின்னாளில் யூனிலீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. கடைக்கு வந்த இடத்தில் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, உறையைப் பிரித்து அங்கேயே தின்பதற்கான ஐஸ்கிரீம்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எச்.பி.யுடையவை. அந்தச் சந்தைக்குள்தான் 1989இல் மார்ஸ் தன் சாக்லேட் ஐஸ்கிரீம் பாரோடு வந்தது.

வந்த வேகத்தில் விற்பனையும் பிடித்துக்கொண்டது. மார்ஸ் என்ற பெயரை மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைக்காரர்கள் புதுச் சரக்கை வாங்கினார்கள். வாங்கியதைத் தங்கள் கடையில் இருந்த ஃப்ரீசருக்குள் எச்.பி. ஐஸ்கிரீமுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஃப்ரீசர் கடைக்காரருடையது அல்ல, எச்.பி.யுடையது. தனியாக வாடகை எதுவும் வாங்காமல் எச்.பி. அதைக் கடைக்குக் கொடுத்திருந்தது. பழுதானால் சரிசெய்து கொடுப்பதும் எச்.பி.யின் பொறுப்பு. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: பெட்டிக்குள் எச்.பி. ஐஸ்கிரீம் மட்டுமே இருக்க வேண்டும்.

ஏட்டில் கிடந்த அந்த நிபந்தனையை எச்.பி. இப்போது கறாராக அமல்படுத்தத் தொடங்கியது. மார்ஸ் பார்கள் பெட்டியிலிருந்து வெளியேறின. மார்ஸ் ஐஸ்கிரீம் கிடைக்கும் கடைகளின் விகிதம் சீக்கிரமே பாதிக்கும் கீழே இறங்கியது. சுவை மாறவில்லை, விலை மாறவில்லை, வாங்குகிறவர்களின் விருப்பமும் மாறவில்லை. வைக்கத்தான் இடமில்லை.

எச்.பி. தரப்பின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. “நாங்கள் காசு போட்டு வாங்கிய பெட்டியில் போட்டியாளர் ஏன் ஓசியில் குளிர்காய வேண்டும்? எங்கள் சரக்கை மட்டுமே விற்க வேண்டும் என்று கடைக்காரரை நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே. அவர் இன்னொரு ஃப்ரீசரை வாங்கி வைத்துக்கொள்ளலாம், எங்கள் பெட்டி வேண்டாமென்றால் இரண்டு மாத நோட்டீஸில் திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்பது அதன் சாரம். அயர்லாந்து உயர் நீதிமன்றம் 1992இல் இந்த வாதத்தை ஏற்றது. எச்.பி. பெட்டிக்குள் தன் ஐஸ்கிரீமை வைக்கும்படி கடைக்காரர்களைத் தூண்டக் கூடாது என்று மார்ஸுக்குத் தடையும் விதித்தது.

காகிதத்தில் படித்தால் கதவு திறந்துதான் இருக்கிறது. கடைக்காரரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருக்கிறது என்பது தெரியும்.

அவருடைய கடையில் ஒரு ஃப்ரீசர் வைக்கத்தான் இடம். இரண்டாவதை வைக்க வேண்டுமென்றால் பத்திரிகை அடுக்கையோ ரொட்டி அலமாரியையோ தூக்க வேண்டும். புதிதாக வரும் மார்ஸிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே உண்டு. அவற்றை மட்டும் நம்பி அவ்வளவு இடத்தை ஒதுக்க அவர் துணிய மாட்டார். சரி, எச்.பி. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாமா? ஃப்ரீசரின் விலை, ரிப்பேர் செலவு, கோடையில் பெட்டி நின்றுபோனால் உருகி வீணாகும் சரக்கு என எல்லாம் அவர் தலையில் விழும். அப்படியே வாங்கினாலும், அதிகம் விற்கும் எச்.பி. ஐஸ்கிரீமை அவர் வாங்கித்தான் ஆக வேண்டும். அதுவும் இலவசப் பெட்டி வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கு என்ன விலையோ அதே விலைக்கு.

இந்தக் கடைசி விஷயம் நுட்பமானது. பெட்டிக்கான செலவை எச்.பி. ஐஸ்கிரீம் விலையிலேயே ஏற்றி வைத்திருந்தது. ஆகவே பெட்டி வாங்காத கடைக்காரரும் ஒவ்வொரு ஐஸ்கிரீமுக்கும் ஊரார் பெட்டிக்குச் சேர்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். ‘இலவசத்தை’ மறுப்பவருக்கு மிச்சம் ஒன்றும் கிடையாது, இரட்டைச் செலவுதான். ஐரோப்பிய ஆணையம் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, பெட்டி வாங்காதவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக 1995இல் எச்.பி. இறங்கி வந்தது. அந்தத் தொகையை நம்பிப் பழைய ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான கடைக்காரர்கள் முன்வரவில்லை.

இனி மார்ஸின் இடத்தில் நின்று பார்க்கலாம். எச்.பி. செய்ததை அதுவும் செய்யலாமே, கடைதோறும் பெட்டி கொடுக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் கோழியா முட்டையா என்ற முடிச்சு விழுகிறது. ஒரு பெட்டியை நிரப்பக் குச்சி ஐஸ், கோன், குழந்தைகளுக்கானது, பெரியவர்களுக்கானது என்று பல வகை வேண்டும். அத்தனை வகைகளையும் தயாரிக்க முதலீடு போடுவதென்றால், அவற்றை விற்கப் போதுமான பெட்டிகள் முன்பே ஊரெங்கும் இருக்க வேண்டும். சந்தையில் முன்னால் இருப்பவர் இந்த இரண்டையும் பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டார். பின்னால் வருகிறவர் இரண்டையும் ஒரே நாளில் கட்ட வேண்டும்.

விநியோகச் செலவும் சேர்ந்துகொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்பதன வேன் ஒன்று நாளெல்லாம் ஒரு வழித்தடத்தில் சுற்றி வர 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் 40 கடைகள். நாற்பதிலும் சரக்கு இறக்கினால் கடைக்கு 100 ரூபாய். பத்துக் கடையில்தான் இடம் கிடைத்தது என்றாலும் வேன் ஏறக்குறைய அதே தூரம் ஓடியாக வேண்டும். கடைக்கு 400 ரூபாய். ஆக, பெட்டிக் கதவு சாத்தியிருப்பதால் வெளியே நிற்கும் நிறுவனம், உள்ளே இடம் கிடைத்த கடைகளிலும் நஷ்டத்துக்குத்தான் விற்கும். அந்த நஷ்டத்தைத் திறமைக்குறைவு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தப்பாக எண்ணிவிடக்கூடும்.

பொருளாதார அறிஞர்கள் இதற்கு நுழைவுத் தடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எதைத் தடை என்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே பிணக்கு உண்டு. ஜோ பெயின் 1956இல் எழுதிய நூலில், முன்னால் இருப்பவர் விலையை ஏற்றி லாபம் பார்த்தும் புதியவர் யாரும் உள்ளே வரவில்லை என்றால் அங்கே ஏதோ தடை இருக்கிறது என்றார். பெரிய அளவில் உற்பத்தி செய்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்தார். ஜார்ஜ் ஸ்டிக்லர் அதை ஏற்கவில்லை. பழையவர் செய்ய வேண்டியிராத, புதியவர் மட்டுமே செய்தாக வேண்டிய செலவே தடை என்றார் அவர். பெட்டி வாங்கும் செலவு எச்.பி.க்கும்தானே இருந்தது என்று கேட்டால் ஸ்டிக்லர் பக்கம் சாயத் தோன்றும். எச்.பி. தன் பெட்டிகளை இறக்கியபோது கடைகளில் அந்த மூலை காலியாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

ஐரோப்பிய ஆணையம் 1998இல் எச்.பி.க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எச்.பி. பெட்டி மட்டுமே இருந்த கடைகள் சுமார் 40 சதவீதம். அங்கெல்லாம் பெட்டிக்கு மட்டும் என்று போட்ட நிபந்தனை, நடைமுறையில் கடைக்கே போட்ட பூட்டாகிவிட்டது என்பது அதன் முடிவு. ஒரே விஷயத்தில் அயர்லாந்து நீதிமன்றம் ஒன்று சொல்ல, ஆணையம் வேறொன்று சொல்ல, ஆணையத்தின் முடிவுக்கு முரணாக உள்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்கக் கூடாது என்று 2000இல் ஐரோப்பிய நீதிமன்றம் விளக்க வேண்டிவந்தது. எச்.பி.யின் மேல்முறையீடு 2003இல் ஒருமுறையும் 2006இல் இறுதியாகவும் தள்ளுபடியானது. மார்ஸ் பார் முதலில் கடைக்கு வந்து அப்போது 17 ஆண்டுகள் ஓடியிருந்தன. அத்தனை காலம் வக்கீல் வைத்து வழக்காட மார்ஸால் முடிந்தது. அதே பெட்டிக்கு முன்னால் நின்ற உள்ளூர்ச் சிறு தயாரிப்பாளரால் முடிந்திருக்காது.

சட்டத்தின் கதவைத் தட்டாமல் பக்கவாட்டில் நுழைந்தவர்களும் உண்டு. சென்னை ராயபுரத்தில் 1970இல் 13,000 ரூபாய் முதலீட்டில் ஐஸ்கிரீம் தயாரிக்கத் தொடங்கியவர் ஆர்.ஜி. சந்திரமோகன். பெரிய பிராண்டுகள் வேரூன்றியிருந்த நகரத்தில் அவற்றோடு நேருக்கு நேர் மோதாமல், தள்ளுவண்டி, கல்லூரி கேன்டீன் என்று மற்றவர்கள் கண்டுகொள்ளாத இடங்களைப் பிடித்தார். பிறகு தமிழகத்தின் சிறு ஊர்களுக்குப் போனார். அங்கே அருண் ஐஸ்கிரீம் மட்டுமே விற்கும் பார்லர்கள் வந்தன. அடுத்தவர் பெட்டியில் இடம் கேட்கும் வேலையே அங்கே இல்லை. கடையே அவர் பெயரில். ஆனால் மற்ற கம்பெனிகள் ஏற்கெனவே கடை கடையாகப் பெட்டி இறக்கிவிட்ட ஊரில் இந்த வழி இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பெட்டி விவகாரம் ஐஸ்கிரீமோடு நிற்கவில்லை. கடைகளில் தான் வைத்த குளிர்பெட்டிகளைப் பற்றிக் கோகோ கோலா நிறுவனம் கொடுத்த உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் 2005இல் சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியதாக ஆக்கியது. கடையில் குளிர்பானம் எடுக்க வேறு பெட்டி இல்லாமல், கோகோ கோலா இலவசமாகக் கொடுத்த பெட்டி மட்டுமே இருந்தால், அதில் குறைந்தது 20 சதவீத இடத்தில் கடைக்காரர் தன் விருப்பப்படி எந்த நிறுவனத்தின் பானத்தையும் 2010 வரை வைத்துக்கொள்ள முடிந்தது. ஐந்து தட்டுள்ள பெட்டி என்றால், ஒரு தட்டு.