ரைபோசோம் கவனிக்காத மாற்றம்
புரதத்தைக் கட்டும் ரைபோசோம், டி.ஆர்.என்.ஏ. சுமந்துவரும் அமினோ அமிலம் சரிதானா என்று பார்ப்பதே இல்லை. 1962-இல் ஷாப்வில் குழுவினர் இதைச் சோதித்தார்கள். சிஸ்டீன் ஏறிய டி.ஆர்.என்.ஏ.வோடு ரேனி நிக்கலைச் சேர்த்ததும் கந்தகம் கழன்று, சிஸ்டீன் அலனினாகிவிட்டது. ரைபோசோமோ, சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டது! அது பார்ப்பது மூன்றெழுத்துக் குறியீட்டை மட்டுமே. அதிலும் மூன்றாம் எழுத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. கிரிக் 1966-இல் இதற்கு 'வாபிள்' என்று பெயர் வைத்தார். சிஸ்டீனுக்கான யு-ஜி-யு, யு-ஜி-சி இரண்டையும் ஒரே டி.ஆர்.என்.ஏ. படித்துவிடும். அதிலுள்ள 'ஜி', 'சி'யோடும் சேரும், 'யு'வோடும் சேரும்.

அப்படியானால் சரியான அமிலத்தை ஏற்றிவிடுவது யார்? அமினோஅசைல் சிந்தட்டேஸ் நொதிகள்தான். ஐசோலூசினுக்கான நொதி, ஒரு கார்பன் மட்டுமே குறைந்த வேலினைச் சில நேரம் தவறாகப் பிடித்துவிடும்; பிறகு தானே அதை வெட்டிக் கழித்தும் விடும்.