மருந்தே இல்லாத மாத்திரைக்கு வலி எப்படிக் குறைகிறது?

மருந்துச் சோதனையில் ஒரு குழுவுக்கு மருந்து தருவார்கள். இன்னொரு குழுவுக்கு, பார்க்க அதேபோல இருக்கும் சர்க்கரை மாத்திரை. இதுதான் பிளாசிபோ. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தானாகவே குறையும் உபாதையையும் நம்பிக்கையால் வரும் சுகத்தையும் கழித்து, மருந்தின் பலனை மட்டும் அளக்கவே இந்த ஏற்பாடு.

அந்தச் சுகம் வெறும் பிரமை அல்ல. 1978-இல் அமெரிக்காவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு பிளாசிபோ கொடுத்தார்கள். சிலருக்கு வலி தணிந்தது. மார்ஃபினை முறிக்கும் நலோக்சோனைச் செலுத்தியதும் அவர்களுக்கே வலி கூடியது. ஆக, வலி குறையும் என்ற எதிர்பார்ப்பிலேயே மூளை தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைச் சுரந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். வலி, குமட்டல் போன்ற உணர்வுகளில்தான் இது எடுபடும்; புற்றுக்கட்டியைச் சுருக்காது.